நன்றியுரையில் ஒரு பெயர்

ஆய்வேட்டின் பிற பக்கங்களில் பிழை நேர்ந்தால் அது ஆய்வாளரின் அறிவுக்குக் குறை. நன்றியுரையில் பிழை நேர்ந்தால் உதவியவரின் மனத்துக்குக் குறை. அட்டை கட்டிப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்த பின்னர் அதனைத் திருத்துவதும் எளிதன்று. ஆகவே, மாணவர்கள் மெய்ப்புப் பார்க்கக் கொண்டுவரும் ஏடுகளில் அப்பகுதியையே நான் முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டுகளை ஆய்ந்த மாணவர் ஒருவர், "கோயிலிலும் மாளிகைமேட்டிலும் பணிபுரிய இசைவளித்த தொல்லியல் துறைக்கு நன்றி" என்று எழுதியிருந்தார். துறை ஒன்றன்று, இரண்டு. கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மாளிகைமேட்டில் அகழாய்வு செய்தது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. இசைவுக் கடிதங்களைக் கொண்டுவரச் செய்து, அவற்றின் தலைப்பில் உள்ளவாறே இரண்டையும் தனித்தனியே எழுதுவித்தேன். பழைய நூலொன்றைப் பார்த்து ஊரைப் பெரம்பலூர் மாவட்டம் என்று குறித்திருந்தார். 2007 முதல் அது அரியலூர் மாவட்டம்.

நூல்கள் இரவல் தந்த பெரியவர் ஒருவரை, "திரு. ஜனாப் அப்துல் அவர்கள்" என்று சுட்டியிருந்தார். திருவும் ஜனாபும் ஒரே மரியாதையைக் குறிப்பவை; ஒன்று போதும். 'அப்துல்' என்பதோ 'இன்னாரின் அடியான்' எனத் தொடங்கி நிற்கும் பாதிச் சொல். பின்வரும் இறைத் திருநாமத்தோடு சேர்ந்தால்தான் அது பெயராகும். அரபு இலக்கணப்படி 'அப்துர் ரஹ்மான்' என்பதே சரியான ஒலிப்பு. எனினும் ஒருவர் 'அப்துல் ரஹ்மான்' என்று கையொப்பமிடுவாராயின் அவ்வாறே எழுத வேண்டும். பெயருக்கு உரியவர் அவரே. இலக்கணம் அங்கே விருந்தாளி. 'ஹாஜி', 'மௌலவி', 'முனைவர்' போன்றவற்றையும் ஊகித்துச் சேர்த்தலாகாது; 'முனைவர் டாக்டர்' என்று இரட்டித்தலும் வேண்டா. 'மர்ஹூம்' என்னும் சொல்லை இடுமுன் இருமுறை விசாரித்தல் நன்று.

இனி, தொனி. நெறியாளரை அவர், "கருணைக் கடலே, அறிவின் இமயமே" என்று விளித்திருந்தார். அவ்வரியில் எவர் பெயரை வைத்தாலும் பொருந்தும். அதுவே அதன் குறை. "அவர் உங்களுக்குச் செய்தது யாது?" எனக் கேட்டேன். மூன்றாம் இயலின் கல்வெட்டுப் பாடங்களை அச்சுப் பாடங்களோடு வரிவரியாக ஒப்பிடச் சொல்லி, தாமும் உடனிருந்து பார்த்தாராம். அதனையே எழுதச் சொன்னேன். அடைமொழிகள் நீங்கின, அன்பு தெளிவாயிற்று.

இறுதியில் "மற்றும் நண்பர்கள் பலர்" என்றிருந்தது. அப்பலருள் எவரேனும் பெயர் சொல்லத் தக்கவரோ என வினவினேன். மங்கிய எழுத்துகள் தெரியும்படி பக்கவாட்டில் விளக்கொளி பிடித்து நின்ற உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் இருந்தாராம். அவர் முழுப்பெயர் மாணவருக்குத் தெரியவில்லை. மறுநாள் நேரில் சென்று கேட்டு, அவர் வாயால் சொன்னவாறே தலைப்பெழுத்துடன் எழுதி வந்தார். அந்த ஏட்டில் நான் கண்ட திருத்தங்களுள் சிறந்தது அதுவே.