அம்மாச்சியின் வரக்காப்பிக்கு எத்தனை ஸ்பூன் பால்?

போன மாசம் சேவுகம்பட்டியில் என் அம்மாச்சி வாசல்படியில் தடுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் அன்றைக்கே குற்றவாளியைப் பிடித்துவிட்டார்கள். காப்பிதான்!

அம்மாச்சிக்கு 71 வயது. பழனி மலைக் காப்பி இறங்குகிற பக்கத்து ஊர் பட்டிவீரன்பட்டியில், பல வருஷம் காப்பிக்கொட்டை பொறுக்கியவர். தினம் நாலு டம்ளர் வரக்காப்பி குடிப்பார். பால் விட்டால் ‘மணமே செத்துரும்’ என்பார். காப்பியை நிறுத்தியதும் எனக்கு போன் வந்தது. “நீ பேப்பர்ல எழுதுற புள்ளதான? நெசமான்னு கேட்டுச் சொல்லு.”

தேடிப் படித்தேன். காப்பியில் உள்ள கஃபீன், குடலில் கால்சியம் சேர்வதைக் கொஞ்சம் குறைக்கிறது. சிறுநீரிலும் கொஞ்சம் வெளியேற்றுகிறது. ஒரு கப்புக்கு நஷ்டம் 4, 5 மில்லிகிராம்தான். பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஒரு டேபிள் ஸ்பூன், அதாவது 15 மில்லி பாலில் 18. அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். அதுவே 5, 6 வந்துவிடுகிறது. கணக்கு நேர்! அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹீனியும் 2002-ல் இதையேதான் எழுதினார்: ஒன்று அல்லது இரண்டு டேபிள் ஸ்பூன் பால் போதும். டிகிரி காப்பி குடிப்பவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

அப்படியென்றால் அம்மாச்சியின் எலும்பு? கலிஃபோர்னியாவில் மாதவிடாய் நின்ற 980 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1994-ல் வெளிவந்தது. வாழ்நாள் முழுக்க தினமும் இரண்டு கப் காப்பி குடித்தவர்களில், பால் குடிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்குத்தான் எலும்பு அடர்த்தி குறைவாக இருந்தது. தினம் ஒரு டம்ளராவது பால் குடித்து வந்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

நாலு வரக்காப்பி எடுத்துக்கொண்டு போவது 20 மில்லிகிராம். வயதானவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,200. அம்மாச்சி சாப்பிடுவதோ சோறு, ரசம், ஒரு கரண்டி மோர். அந்தப் பெரிய ஓட்டையை விட்டுவிட்டு காப்பி டம்ளரைப் பிடுங்கியிருக்கிறோம். காப்பியில் விடுகிற பால், காப்பியின் நஷ்டத்தை மட்டும்தான் ஈடுகட்டும். அதற்கு மேல் ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர், கேப்பைக்களி எல்லாம் வேண்டும். அப்போதும் மெலிந்த எலும்பு பாலால் மட்டும் தேறாது. அதனால் எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கும் வைட்டமின் டி பரிசோதனைக்கும் நாள் குறித்திருக்கிறோம்.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“சரி, ஒரு கரண்டி ஊத்தச் சொல்லு. ஆனா கருப்பட்டிதான், சீனி போடக் கூடாது.”