முதல் பத்தாயிரம் யாருடையது?

கடை, கிடங்கு, பட்டறை என்று ஏதேனும் ஒன்றைக் காப்பீடு செய்து வைத்திருக்கும் குடும்பங்களில், இழப்பீட்டுக் காசோலை வந்த நாளன்று ஒரு குறை எழுவது வழக்கம். "கம்பெனிக்காரன் பிடித்துக்கொண்டான்" என்பதே அக்குறை. எதைப் பிடித்தான், எந்த விதியின்படி பிடித்தான், பிடித்தது சரிதானா என்று கேட்டால் பெரும்பாலோரால் சொல்ல இயலாது. பிடித்ததில் ஒரு பகுதி நியாயமாகவும், வேறொரு பகுதி நியாயமற்றதாகவும் இருக்கக்கூடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் நியாயமானதற்காகச் சண்டையிடுவார், நியாயமற்றதை விட்டுவிடுவார்.

கடப்பாக்கத்தில் என் மைத்துனர் ஒருவர் கயிறு, வலை, மீன்பிடிச் சாமான்கள் விற்கும் சிறு கடையும், அதை ஒட்டிக் கல்நார்த் தகடு வேய்ந்த ஒரு கிடங்கும் வைத்திருக்கிறார். ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் போகிறவர்கள் அவ்வூரின் காற்றை அறிவார்கள். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, கிடங்கின் கூரையில் பாதி போயிற்று. ஒரு பக்கச் சுவரின் மேற்பகுதி சரிந்தது. உள்ளே இருந்த சரக்கு இரவெல்லாம் நனைந்தது. சில மாதங்களுக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கணக்குத் தாளும், ஒப்புதல் கையெழுத்துக்கான சீட்டும் வந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார்.

"மாமா, மூன்றரை லட்சம் நட்டத்துக்கு இரண்டு லட்சத்து முப்பதாயிரம் தருகிறார்களாம். கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?" என்று கேட்டார். வட்டிக்கு வாங்கிக் கூரை போட்டிருந்தார். பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. போட்டுவிட்டால் பேச்சு முடிந்துவிடுமோ என்ற அச்சமும் இருந்தது.

நான் அவரிடம் முதலில் கேட்டது கணக்குத் தாளையன்று. பாலிசியோடு இணைக்கப்பட்டிருக்கும் அட்டவணையை. அதில்தான் 'எக்ஸஸ்' என்ற வரி இருக்கும். சில பாலிசிகளில் அதையே 'டிடக்டிபிள்' என்று எழுதியிருப்பார்கள். பெயர் இரண்டானாலும் நம் நாட்டுச் சொத்துப் பாலிசிகளில் தொகை ஒன்றே. ஒவ்வோர் இழப்பிலும் முதற்பகுதி உடைமையாளரைச் சேர்ந்தது. அதற்கு மேற்பட்டதையே நிறுவனம் தரும். மேற்பட்டதைக் குறித்து எக்ஸஸ் என்றும், கழிக்கப்படுவதைக் குறித்து டிடக்டிபிள் என்றும் பெயர் வந்தது. இக்கட்டுரையில் 'கழிவுத்தொகை' என்றே சொல்லிச் செல்கிறேன்.

இது நிறுவனத்தின் கருணைக் குறைவால் பிறந்ததன்று. ஓர் ஓடு உடைந்தாலும், ஒரு கதவுக் கொக்கி பிய்ந்தாலும் விண்ணப்பம் எழுதி, சர்வேயரை அனுப்பி, கோப்பு திறந்தால், ஓட்டின் விலையைவிடக் கோப்பின் செலவு அதிகமாகும். அச்செலவு எல்லோருடைய பிரிமியத்திலும் வந்து விழும். மேலும், முதல் தொகை தன்னுடையது என்று தெரிந்தவர் மழைக்கு முன் கூரைத் தகட்டின் கொக்கிகளை இறுக்கி வைப்பார்.

2001ஆம் ஆண்டு அகில இந்தியத் தீக் காப்பீட்டுக் கட்டண விதிகளின்கீழ் வந்த பாலிசியில், புயல், வெள்ளம், இடி, நிலச்சரிவு போன்ற இயற்கைச் சேதங்களுக்கு ஒவ்வொரு கோரிக்கையிலும் 5 விழுக்காடு, குறைந்தது 10,000 ரூபாய் என்ற கழிவு இருந்தது. தீ முதலிய மற்றவற்றுக்கு முதல் 10,000 ரூபாய். குடியிருப்பு வீடுகளுக்கு இந்தக் கழிவு பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வீடுகளுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா என்றும், சிறு தொழில்களுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்றும் தனிப் பாலிசிகள் வந்துவிட்டன. எந்தப் பாலிசியானாலும் உங்கள் கையிலுள்ள அட்டவணையில் எழுதியிருப்பதே உங்கள் கணக்கு. பக்கத்துக் கடைக்காரரின் அட்டவணை உங்களுக்கு உதவாது. என் மைத்துனரின் அட்டவணையில் "ஒவ்வொரு நிகழ்வுக்கும், கோரிக்கைத் தொகையில் 5 விழுக்காடு, குறைந்தது 10,000 ரூபாய்" என்று இருந்தது.

இந்த ஒரு வரியில் இரண்டு கூறுகள் உள்ளன. 10,000 ரூபாய் என்பது 2,00,000 ரூபாயில் 5 விழுக்காடு. ஆகவே கோரிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டாத வரையில் பத்தாயிரமே ஆளும். தாண்டியபின் விழுக்காடு ஆளும். 8,000 ரூபாய் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. 12,000 ரூபாய் சேதத்துக்கு 2,000 மட்டும் கிடைக்கும். சிலர், பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டால் முழுத்தொகையும் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஏற்பாடு ஒன்று காப்பீட்டுலகில் உண்டு. அதற்குப் 'ஃபிரான்சைஸ்' என்று பெயர். அது வேறு, இது வேறு.

இனி அவருடைய கணக்கைப் பார்ப்போம். மூன்றரை லட்சம் என்று அவர் சொன்னது கட்டடம் 2,20,000, சரக்கு 1,30,000 ஆகிய இரண்டும் சேர்ந்தது.

கட்டடத்துக்கு மேஸ்திரி எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில், புயலுக்கு முன்பே விரிசல் கண்டிருந்த தரையைப் பூசும் செலவு 20,000 சேர்ந்திருந்தது. சர்வேயர் அதை நீக்கினார், சரிதான். எஞ்சியது 2,00,000. வளைந்த இரும்புச் சட்டங்கள் பழைய இரும்பாக விற்றால் 10,000 பெறும். அது சொந்தக்காரரிடமே இருப்பதால் அந்த மதிப்பையும் கழித்தார். 1,90,000 ஆயிற்று.

இங்கேதான் பெரிய அடி. கிடங்கை இன்று புதிதாகக் கட்டப் பத்து லட்சம் ஆகும்; அவர் காப்பீடு செய்திருந்ததோ எட்டு லட்சத்துக்கு. ஐந்தில் நான்கு பங்குக்கே பிரிமியம் கட்டியவருக்கு, சேதம் சிறிதானாலும் ஐந்தில் நான்கு பங்கே கிடைக்கும். பாதிச் சேதம்தானே, எட்டு லட்சத்துக்குள்தானே அடங்குகிறது என்ற வாதம் செல்லாது. சிறுதொழில் பாலிசியில் 15 விழுக்காடு வரையுள்ள குறையைப் பொறுத்துக்கொள்வார்கள். இவருடையது 20 விழுக்காடு. ஆகவே 1,90,000இல் நான்கு பங்கு, அதாவது 1,52,000. இந்த ஒரு காரணத்தால் போனது 38,000. அவர் 'எக்ஸஸ்' என்று திட்டிக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி உண்மையில் இந்தக் குறைக்காப்பீடுதான்.

சரக்கு ஆறு லட்சத்துக்குச் சரியாகக் காப்பீடு செய்யப்பட்டிருந்தது. நனைந்தது 1,30,000. உலர்த்தி விலை குறைத்து விற்கக்கூடிய நைலான் கயிறும் வலையும் 32,000 பெறும். எஞ்சியது 98,000. இரண்டையும் கூட்டினால் 2,50,000.

எல்லாம் முடிந்தபின், கடைசியாகவே கழிவுத்தொகை வரவேண்டும். 2,50,000இல் 5 விழுக்காடு 12,500. அது பத்தாயிரத்துக்கு மேற்பட்டதால் 12,500ஏ கழிவு. தரவேண்டியது 2,37,500.

ஆனால் தாளில் இருந்தது 2,30,000. எப்படி? கணக்கெழுதியவர் கட்டடத்தையும் சரக்கையும் தனித்தனிக் கோரிக்கையாகப் பிரித்திருந்தார். 1,52,000இல் 5 விழுக்காடு 7,600; அது பத்தாயிரத்துக்குக் குறைவு, ஆகவே 10,000. 98,000இல் 5 விழுக்காடு 4,900, அதற்கும் 10,000. ஆக 20,000. விழுக்காடு மட்டும் இருந்திருந்தால் பிரித்தாலும் சேர்த்தாலும் ஒரே விடை வரும். குறைந்த அளவு என்ற பத்தாயிரம் இருப்பதால்தான் பிரிக்கும்போது அது இரண்டு முறை கடிக்கிறது. அட்டவணையோ "ஒவ்வொரு நிகழ்வுக்கும்" என்கிறது. ஒரே இரவு, ஒரே புயல், ஒரே உடைமையாளர். ஆகவே ஒரே கழிவு.

நிகழ்வு என்பதைக் குறித்து எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் புயலில் ஒரு கூரையும், அடுத்த புயலில் இன்னொரு கூரையும் போனால் அவை இரண்டு நிகழ்வுகள். இரண்டு கழிவுகள் உண்டு. முதற் சேதத்தைச் சரிசெய்யாமல் வைத்திருந்து இரண்டையும் சேர்த்து ஒரே கோரிக்கையாக எழுதுவது செல்லாது. எது எப்போது உடைந்தது என்று சர்வேயர் கேட்பார். புயல் மறுநாளே எடுத்த படங்கள் அப்போது பேசும்.

கையெழுத்துக்கு முன் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். சண்டை வேண்டாம், வசவு வேண்டாம். அட்டவணையின் எக்ஸஸ் வரியை அப்படியே எடுத்தெழுதி, கீழே நான்கு வரிக் கணக்கு, இறுதியில் 7,500 ரூபாய் வேறுபாடு. குறைக்காப்பீட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம் என்றேன். அவருக்கு அதுதான் மனம் ஒப்பவில்லை. "முப்பத்தெட்டாயிரத்தை விட்டுவிட்டு ஏழாயிரத்துக்கா மாமா கடிதம்?" என்றார். கேட்கத் தகாததைச் சேர்த்துக் கேட்டால் கேட்கத் தகுந்ததும் கோப்பின் அடியில் போய்விடும் என்று விளக்கினேன். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் மறுத்தால் அடுத்து, சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. தனிநபர்களும் தனியுரிமைச் சிறு கடைக்காரர்களும் அங்கே கட்டணமின்றி முறையிடலாம். அதற்குத் தேவை ஏற்படவில்லை. திருத்திய தாள் வந்தது, கையெழுத்திட்டார்.

பாலிசியைப் புதுப்பிக்கும்போது கட்டடத்தைப் பத்து லட்சமாக உயர்த்தினார். முகவர் வேறொரு யோசனையும் சொன்னாராம். சட்டப்படி வரும் கழிவுக்கு மேல் தானாக விரும்பிக் கூடுதல் கழிவை ஏற்றால் பிரிமியத்தில் தள்ளுபடி உண்டு. பத்தாயிரத்துக்குப் பதில் இருபத்தைந்தாயிரத்தை ஏற்றால் ஆண்டுக்கு 600 ரூபாய் மிச்சமாகும் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகச் சுமக்கும் 15,000ஐ ஈட்ட இருபத்தைந்து ஆண்டு சேதமின்றிக் கழிய வேண்டும். உள்நாட்டில், மேட்டு நிலத்தில், கான்கிரீட் கூரையுள்ளவருக்கு அது பொருந்தலாம். கல்நார்த் தகடும் கடற்காற்றும் உள்ள கடப்பாக்கத்தில், மாண்டஸுக்கும் ஃபெஞ்சலுக்கும் இடையே இரண்டு ஆண்டுகூட முழுதாகக் கழியவில்லை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.