20 மில்லிவோல்ட் எங்கே போனது?

மின்னழுத்தப் பகுப்பான் என்பது தொடராக இணைந்த இரண்டு மின்தடைகள். மேல் மின்தடை R1, கீழ் மின்தடை R2 என்றால், நடுமுனையில் கிடைக்கும் வெளியீடு இது:

```
V = Vin · R2 / (R1 + R2)
```

இக்கட்டுரையாளரின் தேடலுக்குக் காரணமான சுற்று, 12 வோல்ட் பேட்டரியை மைக்ரோகண்ட்ரோலர் அளக்கும் வகையில் நான்கில் ஒரு பங்காகக் குறைப்பது. R1 30,000 ஓம், R2 10,000 ஓம், வெளியீடு 3 வோல்ட். வெயிலில் பெட்டி சூடானதும் 12.00 வோல்ட் பேட்டரி 11.92 எனத் தெரிந்தது. மாலையில் பெட்டி குளிர்ந்ததும் பழைய எண் திரும்பியது.

பேட்டரியை நீக்கி, நிலையான 12 வோல்ட் மின்வழங்கியை இணைத்து, சுற்றை மட்டும் 30 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கி, நடுமுனை மல்டிமீட்டரால் நேரடியாக அளக்கப்பட்டது. அங்கேயே 20 மில்லிவோல்ட் இறக்கம் இருந்தது. நான்கால் பெருக்கினால் 80 மில்லிவோல்ட். ஆகவே பிழை மைக்ரோகண்ட்ரோலரில் பிறக்கவில்லை, பகுப்பானில்தான் பிறக்கிறது.

இந்த அளவீட்டில் ஒரு பொய்த்தடமும் இருந்தது. குளிர்ந்த நிலையிலேயே மீட்டர் 3.000 காட்டாமல் 2.998 காட்டியது. மீட்டரின் 10 மெகாஓம் உள்தடை R2-வுக்கு இணையாகச் சேர்ந்து அதை 10 ஓம் குறைக்கிறது. ஆனால் இது சூட்டிலும் குளிரிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால், தேடப்படும் மாற்றத்துக்கு இது காரணமாகாது.

அடுத்த கேள்வி, எந்த மின்தடை மாறியது என்பது. ஒரு மின்தடையை நிலையாக வைத்து மற்றதை மட்டும் சிறிது மாற்றினால் வெளியீடு எவ்வளவு நகரும் என்பதைப் பகுதி வகைக்கெழு சொல்கிறது:

```
∂V/∂R2 =  Vin · R1 / (R1 + R2)²
∂V/∂R1 = −Vin · R2 / (R1 + R2)²
```

எண்களை இட்டால், R2 ஒரு ஓம் கூடும்போது வெளியீடு 0.225 மில்லிவோல்ட் உயர்கிறது. R1 ஒரு ஓம் கூடும்போது 0.075 மில்லிவோல்ட் இறங்குகிறது. ஓமில் பார்த்தால் R2 மூன்று மடங்கு கூர்மையானது. சதவீதத்தில் பார்த்தால் வேறுபாடு மறைகிறது:

```
dV/V = R1/(R1 + R2) · (dR2/R2 − dR1/R1)
```

இங்கே முன்னிற்கும் காரணி 0.75. எந்த மின்தடை 1 சதவீதம் விலகினாலும் வெளியீடு 0.75 சதவீதம் விலகும்; குறி மட்டும் எதிரெதிர். எனவே R2 0.9 சதவீதம் குறைந்திருந்தாலும், R1 0.9 சதவீதம் கூடியிருந்தாலும், அதே 20 மில்லிவோல்ட்தான் இறங்கும். வெளியீட்டை மட்டும் பார்த்துக் காரணத்தைப் பிரித்தறிய முடியாது. அதற்கு இன்னொரு அளவு வேண்டும்.

அந்த அளவு, சுற்றில் ஓடும் மின்னோட்டம். அது Vin / (R1 + R2), குளிரில் 300 மைக்ரோஆம்பியர். R2 குறைந்திருந்தால் அது சுமார் 300.7 ஆக ஏறும். R1 கூடியிருந்தால் சுமார் 298 ஆக இறங்கும். மீட்டரின் சொந்தத் தடை இரு நிலைகளிலும் சேர்வதால், மாற்றத்தின் திசை கெடாது. சூடாக்கியபோது மின்னோட்டம் ஏறியது. குறைந்தது R2.

அந்த R2 கார்பன் படல வகை. R1 உலோகப் படல வகை. கார்பன் படல மின்தடையின் மதிப்பு வெப்பத்தால் குறையும். டிகிரிக்கு பத்து லட்சத்தில் 300 பங்கு குறைந்தால், 30 டிகிரிக்கு 0.9 சதவீதம், அதாவது 90 ஓம். 90-ஐ 0.225-ஆல் பெருக்கினால் 20.25 மில்லிவோல்ட். முழுச் சூத்திரத்தில் 9,910 ஓம் இட்டுக் கணக்கிட்டால் 20.30. இரண்டும் பொருந்துகின்றன.

இந்தப் பொருத்தம் சிறு விலகல்களுக்கே. R2 10 சதவீதம் குறைந்தால் வகைக்கெழு 7.5 சதவீத இறக்கம் என்கிறது, உண்மையில் 7.7 சதவீதம் இறங்கும். அத்தகைய இடத்தில் முழுச் சூத்திரத்தையே பயன்படுத்த வேண்டும்.

தீர்வும் dV/V சூத்திரத்தின் கழித்தல் குறியிலேயே இருக்கிறது. இரு மின்தடைகளும் ஒரே விகிதத்தில் மாறினால் அடைப்புக்குள் பூச்சியம் வரும். R2-வையும் டிகிரிக்கு 50 பங்குக்கு மிகாத உலோகப் படலமாக்கினால், இரண்டும் எதிர்த்திசையில் விலகும் மோசமான நிலையில்கூட 30 டிகிரிக்குப் பிழை 6.75 மில்லிவோல்ட்தான். இரண்டும் ஒரே தளத்தில் உருவாகி, டிகிரிக்கு 5 பங்கு வேறுபாட்டுக்குள் சேர்ந்தே மாறும் மின்தடைத் தொகுதியானால், அது 0.34 மில்லிவோல்ட். 3.3 வோல்ட்டை 4,096 படிகளாகப் பிரிக்கும் மைக்ரோகண்ட்ரோலருக்கு ஒரு படி 0.8 மில்லிவோல்ட், அந்தப் பிழை அரைப் படிக்கும் குறைவு.