லேபிளில் எழுதப்படாத உலோகம்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், வெயில் சற்றே தணிந்து திண்ணையில் நிழல் நீளத் தொடங்கிய வேளையில், புதிதாக ஒரு வங்கியில் உத்தியோகம் ஏற்றிருந்த என் அண்ணன் மகள், கைப்பையைத் துழாவி மூன்று உதட்டுச் சாயங்களை என் முன்னே வரிசையாக வைத்து, "முப்பது வருஷம் ரசாயனம் சொல்லிக் கொடுத்தீங்களே சித்தப்பா, இதுல எதுல ஈயம் இருக்கு, எதுல இல்லைன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள். ஒன்று செங்கல் நிறத்தில் பளபளப்பின்றித் தோன்றுவது. ஒன்று மினுமினுக்கும் இளஞ்சிவப்பு. மூன்றாவது, கண்ணாடிக் குப்பியில் அடைத்த நீர்மம், இக்காலத்துப் பெண்கள் 'லிப் டின்ட்' என்று வழங்குவது.

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி உள்ளிருந்து வந்து, இதற்குப் போய்ப் பட்டப்படிப்பு எதற்கு என்பது போலத் தம் விரல் மோதிரத்தைக் கழற்றி, செங்கல் நிறச் சாயத்தைப் புறங்கையில் தடவி அதன்மேல் தேய்த்தார். கரிக்கோடு ஒன்று விழுந்தது. "பாருங்க தம்பி, ஈயம்!" என்றார். இந்தப் பரீட்சை செல்பேசி வழியாக ஊரெல்லாம் சுற்றிவருவதை நான் அறிவேன். மறுவார்த்தை சொல்லாமல், வேர்க்குருவுக்காக வாங்கி வைத்திருந்த கலமைன் லோஷனை என் புறங்கையில் பூசி உலரவிட்டு, அதே மோதிரத்தை வாங்கித் தேய்த்தேன். அதைவிடக் கருமையாக ஒரு கோடு விழுந்தது. லோஷனில் இருப்பது துத்தநாக ஆக்ஸைடு. சாயத்தில் இருப்பது டைட்டானியம் டை ஆக்ஸைடு. இரண்டும் நுண்ணிய உப்புத்தாள் போலத் தங்கத்தை அராவுகின்றன, அராவி விழுந்த பொன் துகள் கண்ணுக்குக் கருப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அண்ணி மோதிரத்தைத் திரும்ப வாங்கி, எவ்வளவு தேய்ந்திருக்குமோ என்று கவலையோடு பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஈயம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டியதாயிற்று. சாயம் செய்பவர் எவரும் ஈயத்தை அளந்து போடுவதில்லை. மெழுகும் எண்ணெயும் உருகிய கலவையில் அவர் கலக்கும் நிறப்பொருள்களோடு, அரிசியோடு வரும் கல்லைப் போல, அது தானே வந்து சேருகிறது. செங்கல், பழுப்பு, தேன் முதலிய மண் சார்ந்த நிறங்களைத் தரும் இரும்பு ஆக்ஸைடுகளிலும், மினுமினுப்பைத் தரும் அப்பிரகத் தூளிலும், அலுமினியம், கால்சியம் போன்ற உலோகங்களோடு பிணைத்து நீரில் கரையாதபடி செய்த செயற்கைச் சிவப்புகளிலும் அதன் சுவடு தங்கிவிடுகிறது. தானாக வந்த அசுத்தம் சேர்மானம் ஆகாது. சேர்மானம் அல்லாததை எவரும் லேபிளில் எழுதுவதில்லை. ஆகவே, எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் 'ஈயம்' என்ற சொல்லை எந்தச் சாயத்தின் உறையிலும் காண முடியாது. நம் நாட்டு விதி அதை நிறப்பொருளிலேயே மறித்து நிறுத்தப் பார்க்கிறது: அழகுப் பண்டங்களில் சேரும் நிறப்பொருளில் பத்து லட்சம் பங்குக்கு ஈயம் 20 பங்குக்கும், ஆர்சனிக் 2 பங்குக்கும் மேற்படலாகாது.

"அப்போ சாயத்துலயே 20 பங்கு இருக்குமா?" என்று கேட்டாள். இல்லை, சாயத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு நிறப்பொருள் என்று வைத்துக்கொண்டால், நிறப்பொருளில் 20 பங்கு ஈயம் இருந்தாலும் முழுச் சாயத்தில் அது 2 பங்காகிவிடும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், 2010-ல் கடைகளில் வாங்கிய 400 சாயங்களைப் பகுத்துப் பார்த்தபோது கிடைத்த சராசரி 1.11 பங்கு, எல்லாவற்றிலும் அதிகமானது 7.19. அந்த நிர்வாகமே 2016-ல் வெளியிட்ட வரைவறிக்கையில், முழுச் சாயத்துக்கு 10 பங்கை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது.

பங்குக் கணக்கு மட்டும் போதாது, வயிற்றுக்குள் போவது எவ்வளவு என்று தெரிய வேண்டுமல்லவா? முந்தைய நாளின் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பென்சிலை எடுத்தேன். கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையினர் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், சாதாரணமாகப் பூசுகிற பெண் ஒரு நாளில் 24 மில்லிகிராமும், திரும்பத் திரும்பப் பூசுகிறவள் 87 மில்லிகிராமும் சாயத்தைச் செலவிடுவதாகக் கொண்டு கணக்கிட்டார்கள். பூசுவது முழுவதும் உணவோடும் உமிழ்நீரோடும் உள்ளே போவதாகவே நாம் வைத்துக்கொள்வோம். சராசரிச் சாயத்தைச் சாதாரணமாகப் பூசினால் போகும் ஈயம் ஏறத்தாழ 0.03 மைக்ரோகிராம். அந்த நானூறிலும் மிக மோசமான சாயத்தை ஓயாமல் பூசினால் 0.63 மைக்ரோகிராம். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணின் உடலில் உணவு வழியாக ஒரு நாளைக்குச் சேரலாம் என்று அதே நிர்வாகம் 2022-ல் குறித்த அளவு 8.8 மைக்ரோகிராம். மிக மோசமானதும் அதில் பதினான்கில் ஒரு பங்குதான். ஈயத்துக்குத் தீங்கற்ற அளவென்று ஒன்று கிடையாது என்பது வைத்திய சாஸ்திரத்தின் முடிபு. குழாய் நீர், மசாலாத் தூள், பழைய வீட்டுச் சுவரின் பெயின்ட் என்று வேறு வாயில்களும் அதற்கு உண்டு. ஆயினும் ஒழுங்காகச் செய்த சாயத்தைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை என்பதைக் காலண்டர் தாள் காட்டிவிட்டது.

ஒழுங்காகச் செய்தது எது என்பதுதான் வினா. லேபிள் பேசத் தொடங்குவது அங்கேதான். பூதக்கண்ணாடியை வரவழைத்தேன். செங்கல் நிறச் சாயத்தின் அட்டைப் பெட்டியில், எறும்பின் காலளவு எழுத்துகளில், உற்பத்தியாளர் பெயரும் முழு முகவரியும், 'பி.நோ.' என்று தொகுதி எண்ணும், 'எம்.எல்.நோ.' என்று உரிம எண்ணும், எந்த மாதத்துக்குள் உபயோகிக்க வேண்டும் என்பதும் இருந்தன. கடல் கடந்து வந்த டின்ட்டின் மேல் தனியே ஒட்டிய சீட்டில், இறக்குமதி செய்தவரின் முகவரியோடு 'ஆர்.சி.' என்ற பதிவுச் சான்றிதழ் எண் இருந்தது. மினுமினுக்கும் இளஞ்சிவப்பில், பெரிய கம்பெனி ஒன்றின் பெயரில் ஓரெழுத்து மட்டும் மாறியிருந்தது. முகவரி, தொகுதி எண், உரிம எண் மூன்றும் இல்லை. எங்கே வாங்கினாய் என்றேன். பேருந்து நிலையத்து ஃபேன்ஸி ஸ்டோரில், நூறு ரூபாய்க்கு மூன்று என்றாள். மேலே நான் போட்ட கணக்கெல்லாம், எவரோ ஒருவர் அரசாங்கத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட சாயத்துக்கே பொருந்தும். இதற்கு அந்த எவரோ ஒருவர் கிடையாது. பெயின்ட்டுக்கென்று வைத்திருந்த நிறத்தூளை இதில் கலந்திருந்தாலும் கேட்பாரில்லை.

சேர்மானப் பட்டியலைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். உதட்டுச் சாயம் ஒன்றின் எடை சுமார் நான்கு கிராம். 30 கிராமுக்கு உட்பட்ட திடப் பண்டங்களின் உறையில் சேர்மானங்களை அச்சிட வேண்டியதில்லை என்று நம் விதியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. நாள்தோறும் வாயில் படுகின்ற பண்டத்துக்கு இவ்விலக்கு எப்படி நியாயமாகும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நல்லவேளையாகப் பல உற்பத்தியாளர்கள் தாமாகவே பட்டியலை அச்சிடுகிறார்கள். அதன் கடைசியில் 'சி.ஐ.' என்ற எழுத்துகளோடு வரும் ஐந்திலக்க எண்களே நிறப்பொருள்கள். 77491, 77492, 77499 என்பன முறையே சிவப்பு, மஞ்சள், கருப்பு இரும்பு ஆக்ஸைடுகள், 77891 வெண்மை தரும் டைட்டானியம், 77019 அப்பிரகம், 15850 செயற்கைச் சிவப்பு, 75470 என்பது பூச்சியை உலர்த்தி எடுக்கும் கார்மைன், சைவத்தில் பற்றுள்ளவர்கள் கவனிக்க வேண்டியது. இவ்வெண்களுக்கு முன்னே கூட்டல் கழித்தல் குறி இருந்தால், அந்த வரிசையின் எல்லா நிறங்களுக்கும் சேர்த்து ஒரே பட்டியலை அச்சிட்டிருக்கிறார்கள், கையிலுள்ள நிறத்தில் அவற்றுள் சில இருக்கலாம், சில இல்லாமலும் போகலாம் என்று பொருள். செங்கல் நிறப் பெட்டியில் அக்குறி இருந்தது. பதினோரு எண்களில் எவை இதற்குரியவை என்று பிரம்மதேவனே வந்தாலும் சொல்ல முடியாது.

"அப்படின்னா தினமும் போட எந்த கலர்தான் வாங்குறது?" என்று சற்றுப் பொறுமையிழந்து கேட்டாள். சிவப்பில் ஈயம் அதிகம், ரோஜா நிறத்தில் குறைவு என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம் என்றேன். உலோகத்தின் அளவு அந்தந்த நிறப்பொருளின் சுத்தத்தைப் பொறுத்தது, கண்ணுக்குத் தெரியும் வர்ணம் அதற்குச் சாட்சியாகாது. டில்லியில் விஞ்ஞான சுற்றுச்சூழல் மையம் 2014-ல் முப்பது சாயங்களைச் சோதித்தபோது, ஈயமும் காட்மியமும் தென்படாமல், பாதியில் குரோமியமும் பதின்மூன்றில் நிக்கலும் தென்பட்டன. ஈயம் ஒன்றையே தேடுகிறவன் மற்றவற்றைத் தவறவிடுகிறான் என்பதற்கு இது போதும். நாம் தேர்ந்துகொள்ளக்கூடியது அளவை மட்டுமே. உதட்டின் இயல்பு நிறம் உள்ளிருந்து தெரியும்படி மெல்லியதாகப் படியும் சாயத்தில் நிறப்பொருள் குறைவு. உதட்டை அடியோடு மறைத்துச் சுவருக்கு வெள்ளையடித்தாற்போல் நிற்பதில் அதிகம். மினுக்கம் வேண்டுமானால் அப்பிரகமும் உடன் வரும். ஆகவே அலுவலகத்துக்குத் தன் உதட்டை ஒத்த மெல்லிய நிறம், ஒரே பூச்சு. அடர்த்தியும் மினுக்கமும் கல்யாண வீட்டுக்கு. சாப்பிட உட்காருமுன் துடைத்துவிட்டுப் பிறகு பூசிக்கொள்வது.

டின்ட்டின் கதை வேறு. அதில் பெரும்பாலும் நீரில் கரையும் சாயங்களே இருப்பதால் கனிமத் தூள் குறைவு. வெற்றிலை போட்ட என் பாட்டியின் உதட்டைப் போலத் தோலிலேயே நிறம் பற்றிக்கொள்வதால் அடிக்கடி பூசவும் வேண்டாம். ஆனால் பட்டியலில் 45380, 45410 என்ற எண்கள் இருந்தால் அவை இயோசின் வகையைச் சேர்ந்தவை. பூசிய சற்று நேரத்தில் நிறம் மாறிச் சிவக்கும் சாயங்களின் மாயமும் அவற்றுடையதே. சிலருக்கு அவை உதட்டை எரியச் செய்து, வெடிப்புண்டாக்கித் தோலுரிக்கும். ஈயத்தின் தீங்கு கண்ணுக்குத் தெரியாது. இதுவோ இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு உதட்டுக்குக் கொண்டுபோ என்றேன். அங்கேயே ஒரு பொட்டை வைத்துக்கொண்டாள்.

இவ்வளவும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவளுடைய தமக்கையின் குழந்தை, இரண்டு வயது நிரம்பாதது, திண்ணையோரம் தவழ்ந்து வந்து, செங்கல் நிறச் சாயத்தை எடுத்து நுனியைக் கடித்துவிட்டது. நான் பதறி விரலை விட்டு எடுத்ததில் பாதி வந்தது. மீதி எங்கே போயிற்று என்று கேட்க வேண்டியதில்லை. குழந்தைக்கு அமெரிக்க நிர்வாகம் குறித்த அளவு ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம், அரை கிராம் விழுங்கியிருந்தாலும், சராசரிச் சாயமானால் அரை மைக்ரோகிராம்தான், மிக மோசமானதானால் மூன்றரைக்கு மேல். ஒரு முறைக்குப் பெரிய மோசமில்லை. தினம் கிடைத்தால் பெண்ணுக்குச் சொன்ன கணக்கு குழந்தைக்குச் செல்லாது. அண்ணன் மகள் மினுமினுக்கும் இளஞ்சிவப்பைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மற்ற இரண்டையும் பீரோவின் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தாள். குழந்தை செங்கல் நிற வாயோடு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.