ஞாயிற்றுக்கிழமை நோட்டு

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவரின் குடும்பத்திடம் ஊரார் இரண்டே கேள்விகள்தான் கேட்பார்கள்: எவ்வளவு அனுப்புகிறார், எப்போது வருகிறார். முதலில் மனைவிக்குத்தான் இந்தப் பதில்கள் தெரிய வேண்டும். எங்கள் தெருவில் பல வீடுகளில் அவளுக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது. பணம் மாமனார் கணக்குக்கு வரும். வருகிற தேதி கொழுந்தன் வாயால் தெரியும். கணவனோடு தினமும் போனில் பேசுகிறவள்தான் அவள். ஆனால் அந்தப் பேச்சில் இந்த இரண்டும் வருவதில்லை.

இதை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். எங்களில் ஒருவன் துபாயில் கட்டுமானத் தளங்களில் எலக்ட்ரீசியன். ஒருத்தி விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறாள், தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிக்கிறாள். திருமணமாகி ஐந்து வருடம் ஆகிறது. அதில் நான்கு வருடத்துக்கும் மேலாகக் கடலுக்கு இரண்டு பக்கம் இருக்கிறோம். காதலிக்கும் தோழர்கள், துணை விசாவுக்குக் காத்திருக்கும் தோழர்கள், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அன்பு இருந்தால் போதும் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எங்களைக் காப்பாற்றியது நேரக் கணக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டும்தான்.

முதலில் நேரம். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். கேட்கச் சிறிய வித்தியாசம்தான். வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸில் கேம்ப்புக்கு வந்து, குளித்துச் சமைத்துச் சாப்பிட அங்கே ஒன்பது மணி ஆகிவிடும். இங்கே அப்போது பத்தரை. அவன் அறையில் ஆறு கட்டில்கள். இவள் வீடு ஒரே அறை, பக்கத்தில் மாமியார் படுத்திருப்பார். இரண்டு பக்கமும் அடுத்தவர் காதுக்குப் பயந்து பேசும் பேச்சு "சாப்டியா, தூங்கு" என்பதோடு முடிந்துவிடும். இதில் யாருக்கும் அன்பு குறையவில்லை, தனிமைக்கு இடம்தான் இல்லை. அந்த வித்தியாசம் புரியாவிட்டால் ஒருவரை ஒருவர் சந்தேகப்படத் தொடங்கிவிடுவோம்.

இன்னொரு தடையும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், குரல் பதிவு அனுப்பலாம். ஆனால் அதில் நேரடி அழைப்பு போகாது. அங்கே அனுமதிக்கப்பட்ட வேறு செயலியை இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் மனசுக்குள் இருப்பதையெல்லாம் குரல் பதிவாக அனுப்பப் பழகினோம். அவன் பஸ்ஸின் கடைசி இருக்கையில் பேசுவான். அவள் மறுநாள் ஏரிக்கரையில் நடந்தபடி கேட்பாள். கோபத்தில் பேசியதை அனுப்பும் முன் ஒருமுறை தானே கேட்டுப் பார்க்கவும் முடிகிறது.

கோடையில் எங்களுக்கு ஒரு சலுகை கிடைக்கும். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது விதி. நம் நேரத்துக்கு அது 2 மணியிலிருந்து 4.30 வரை. இங்கே வீட்டில் எல்லோரும் வெளியே போயிருப்பார்கள், படிப்பகமும் தொடங்கியிருக்காது. அந்த மூன்று மாதங்களில்தான் வருடத்தின் பாதிப் பேச்சைப் பேசி முடிக்கிறோம்.

பதில் வராத நேரத்துக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. நீல டிக் விழுந்து, பதில் வராமல் இருந்தால் மனசு என்னென்னவோ கற்பனை செய்யும். அதனால் பேச முடியாதபோது ஒரே ஒரு புள்ளி வைத்து அனுப்புவோம். படித்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று அதற்கு அர்த்தம். உடம்பு சரியில்லை என்றால் மட்டும் புள்ளி கூடாது. அன்றைக்கே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "அவன் கவலைப்படுவான், சொல்லாதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவனுக்கு அது மூன்றாவது ஆள் மூலம் தெரியவந்தால், அதற்குப் பிறகு நல்ல செய்தியையும் நம்ப மாட்டான்.

அடுத்தது திட்டம். தினசரிப் பேச்சில் பணத்தைக் கலப்பதில்லை. கலந்தால் ஒவ்வொரு அழைப்பும் வட்டிக்காரன் அழைப்பு போலாகிவிடும். ஞாயிறு அவனுக்கு விடுமுறை. அன்று ஒரு மணி நேரம் கணக்குக்கு. இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி நோட்டு. அவன் எழுதுவதையே இவளும் எழுதுவாள்.

எங்கள் கணக்கையே சொல்கிறோம். சம்பளம் 1,800 திர்ஹம். சாப்பாடு, போன், கைச்செலவு போக 1,100 அனுப்புகிறான். திர்ஹமுக்கு 22 ரூபாய் என்று வைத்தால் 24,200 ரூபாய். போவதற்காக வாங்கிய கடனுக்கு 8,000. வீட்டுச் செலவுக்கு 8,000. அவள் படிப்புக்கும் சொந்தச் செலவுக்கும் 3,000. சேமிப்பு 5,200. கடன் முடிந்தபின் அந்த 8,000-மும் சேமிப்பில் சேர்ந்தது. பணம் அவள் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் வருகிறது. வீட்டுச் செலவுப் பணத்தை மாமியார் கையில் அவளே கொடுக்கிறாள். முதல் சில மாதங்கள் வீட்டில் முகம் சுளித்தார்கள். ஆனால் நாப்கின் வாங்கவும் தேர்வுக் கட்டணம் கட்டவும் மாமனாரிடம் கைநீட்டி நிற்கும் நிலை அவளுக்கு வரவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரிகள்: கடன் தீர வேண்டும், அவள் பெயரில் பட்டா உள்ள மனையில் கழிப்பறையோடு ஓர் அறை கட்ட வேண்டும், அவன் ஊருக்கு வந்து வயரிங் வேலை எடுத்துச் செய்ய இரண்டு லட்சம் முதல் வேண்டும். மூன்றும் முடிந்தால் திரும்பிவிடுவது. 'நாலு காசு சேர்ந்ததும்' என்று எழுதியிருந்தால் அந்த நாலு காசு ஒருநாளும் சேராது.

சென்ற வருடம் அது சோதனைக்கு வந்தது. ஐந்தாவது வருடம் முடிந்ததும் மேலும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி நிறுவனம் கேட்டது. இருந்தால் பணிக்கொடை கூடும் என்று அறைத்தோழர்கள் சொன்னார்கள். ஞாயிறன்று நோட்டைத் திறந்தோம். அங்கே முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை. அதன்பின் வருடத்துக்கு 30 நாள். படிகள் கணக்கில் சேராது. ஒப்பந்தத்தில் அவன் அடிப்படைச் சம்பளம் 1,200 திர்ஹம்தான். ஆக இப்போது வருடத்துக்கு 840, ஆறாம் வருடத்திலிருந்து 1,200. கூடுவது வருடத்துக்கு 360 திர்ஹம், நம் பணத்தில் 7,920 ரூபாய். பெரிதாகச் சொல்லப்பட்ட லாபம் அவ்வளவுதான். மாதச் சேமிப்பு 13,200 தொடரும் என்பது உண்மை. வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அது. சின்னத் தொகை இல்லை.

எதிர்ப்பக்கத்தில் அவள் எழுதினாள்: வருடத்துக்கு 30 நாள் விடுப்பு, நான்கு வருடத்தில் நாம் சேர்ந்து வாழ்ந்தது 120 நாள், எனக்கு வயது 29, குழந்தை வேண்டும் என்று இரண்டு பேரும் சொல்லியிருக்கிறோம்.

"இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா மாடியும் போட்டுடலாம்ல?" என்றான்.

"மொதப் பக்கத்துல மாடி இல்லியே" என்றாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. பிறகு அவன் அடுத்த பக்கத்தில் திரும்பி வரும் மாதத்தை எழுதி, படம் எடுத்து அனுப்பினான்.

இந்த ஏற்பாட்டால் எல்லாம் தீர்ந்துவிடாது. காய்ச்சலில் கிடக்கும்போது நெற்றியில் கைவைக்க ஆள் இல்லை. குரல் பதிவு அதைச் செய்யாது. பிரிவு பிரிவுதான். ஆனால் எதற்காகப் பிரிந்திருக்கிறோம், எதுவரைக்கும் என்பது இரண்டு பேர் கையெழுத்திலும் இருக்கிறது. விசா வந்திருக்கும் தோழர்கள் பெட்டி கட்டும் முன் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று சேர்ந்து பாருங்கள், முதல் பக்கத்தைச் சேர்ந்து எழுதுங்கள். நோட்டு விலை இருபது ரூபாய். இரண்டு வாங்குங்கள்.