பிள்ளைக்கு விளங்குது, கதைக்குதா?

1983க்குப் பிறகு கனடா வந்த எங்கட சனத்துக்கு முதலில் கைகொடுத்தது தமிழ்க்கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோ கசெட். பிறகு ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ என்று சீரியல்கள் வந்தன. இப்போது எல்லாமே போனில்.

ஸ்காபரோ வீடுகளில் நான் கவனித்த ஒன்று. அம்மம்மாவோடு இருந்து சீரியல் பார்க்கிற பிள்ளைக்குத் தமிழ் நல்லா விளங்கும். யார் மாமி, யார் மச்சாள், செத்த வீட்டில் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் தெரியும். ஆனால் கேள்வி கேட்டால் பதில் இங்கிலிஷில்தான். திரை எங்களிடம் பதில் எதிர்பார்ப்பதில்லையே! காது பழகுது, வாய் பழகவில்லை.

இன்னொரு குறை, சீரியல்களில் வருவது தமிழ்நாட்டுப் பேச்சும் வாழ்க்கையும். எங்கட கதை அங்கே இல்லை. ரொறன்ரோவில் லெனின் எம். சிவம் எடுத்த ‘எ கன் அண்ட் எ ரிங்’ (2013) போன்ற படங்களை வளர்ந்த பிள்ளைகளோடு பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் இங்கிலிஷ் சப்டைட்டிலை நிறுத்திவிட்டோம். அது ஓடினால் கண் வாசிக்கும், காது தூங்கிவிடும். பாதியில் படத்தை நிறுத்தி, “அவர் ஏன் கோபப்பட்டவர்?” என்று அம்மம்மா கேட்பா. பிள்ளையின் பதிலில் இடையில் இங்கிலிஷ் சொல் வரலாம். வசனம் தமிழில் முடிய வேண்டும். பிழை விட்டால் யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அடுத்த நாள் பிள்ளை வாய் திறக்காது.

இன்றைக்கு டிவியை நிறுத்த முதல், பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லிப் பாருங்கோ.