தையல் மெஷினும் ரீயூனியன் கல்லும்

"சார், ஒரு அம்மா வந்திருக்காங்க. பிரெஞ்சு பேசுறாங்க, கொஞ்சம் இங்கிலீஷும் வருது. பழனிக்குப் போயிட்டு வந்தாங்க. நம்ம மலைக்கோட்டையைப் பார்த்துட்டு, இது செத்துப்போன எரிமலையான்னு கேக்குறாங்க. எனக்குத் தெரியலை. நீங்க வந்து சொல்லணும்."

போனில் பேசியவன் என் பழைய மாணவன். இப்போது திண்டுக்கல்லில் டாக்சி ஓட்டுகிறான். நான் முப்பது வருஷம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்படி ஒரு கேள்விக்கு யாராவது கூப்பிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். நிறமும் முகமும் நம் வீட்டுப் பெண்தான். நெற்றியில் பொட்டு. ஆனால் 'வணக்கம்' தாண்டித் தமிழ் இல்லை. ரீயூனியன் தீவைச் சேர்ந்தவர். மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு அது. 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். அவர்களின் சந்ததியை அங்கே 'மல்பார்' என்கிறார்கள். இன்றும் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். இவருடைய முப்பாட்டனாரின் அப்பா 1862-ல் போனவராம். கையில் ஒரு காகிதத்தின் நகல் வைத்திருந்தார். கப்பலேறிய துறைமுகம் காரைக்கால் என்று இருக்கிறது. ஊர் பெயர் இல்லை. குடும்பத்தில் முருகன் கும்பிடுவதால் பழனிப் பக்கமாக இருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். அதற்கு என்னால் உதவ முடியாது. மலையைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லலாம்.

அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்து என்னிடம் கொடுத்தார். கன்னங்கரேலென்று, எடையாக, மேலெல்லாம் ஊசி குத்தியது போல ஓட்டைகளோடு இருந்தது. பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற அவர்கள் ஊர் எரிமலையின் கல். அது உலகிலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. 1977-ல் அதன் லாவா செயின்ட் ரோஸ் பக்கம் ஊருக்குள் வந்து, அங்கிருந்த தேவாலயத்தின் வாசல்வரை போய் நின்றது. அந்த லாவாவில் அவருடைய அம்மா வீடு போய்விட்டது. "அம்மா கடைசிவரை கேட்டார்கள், இந்த நெருப்பு ஏன் நம் தீவின் அடியில் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று," என்றார்.

கோட்டைப் படியில் உட்கார்ந்து அந்தக் கல்லைக் கீழே வைத்தேன். பக்கத்தில் நம் பாறை. வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். நம் பாறையில் வெள்ளை, சாம்பல், கறுப்பு மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவில் பெரிதாக இருக்கின்றன, பட்டை பட்டையாக ஓடுகின்றன. பூமிக்குள் வெகு ஆழத்தில், மெதுவாக வெந்து மெதுவாக ஆறியதன் அடையாளம் இது. டைனோசர்களுக்கு எல்லாம் ரொம்ப முன்னாலேயே உருவான பாறை. அவர் கல்லில் மணியே கண்ணுக்குப் படவில்லை, ஆங்காங்கே இருந்த ஆலிவின் என்ற பச்சைப் பொட்டுகளைத் தவிர. வெளியே வந்து சட்டென்று ஆறியதால் மணிகள் வளர நேரமில்லை. ஓட்டைகள் வாயு வெளியேறிய குமிழிகள். ஆக, திண்டுக்கல் எரிமலை இல்லை. எப்போதும் எரிமலையாக இருந்ததும் இல்லை.

"ஆனால் உங்கள் எரிமலை இந்தியாவுக்கு வந்திருக்கிறது," என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது தப்பான வாக்கியம். வகுப்பில் வருஷக்கணக்காக இதே தப்பைச் சொல்லியிருக்கிறேன். நெருப்பு கடலுக்கு அடியில் ஊர்ந்து ஊர்ந்து தெற்கே போனது என்று பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். நடந்தது தலைகீழ்.

மாணவனின் மனைவி பேருந்து நிலையம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறார். டீ குடிக்க அங்கே போனோம். ரவிக்கை ஒன்று மெஷினில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வழி கிடைத்தது. ஊசி ஒரே இடத்தில் ஏறி இறங்குகிறது. நகர்வது துணி. ஆனால் துணியின் மேல் பார்த்தால் தையல் ஓடிக்கொண்டே போனது போலத் தெரிகிறது. ஊசிக்கு அருகில் இருப்பது புதுத் தையல், தள்ளிப் போகப் போகப் பழைய தையல்.

ஊசி என்பது இங்கே வெப்பப் புள்ளி. பூமிக்கு அடியில் நெருப்புக் குளம் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம், இல்லை. அங்கே இருப்பதும் பாறைதான், திடமான பாறை. ஆனால் சில இடங்களில் சுற்றியிருப்பதைவிடச் சூடான பாறை, நகம் வளரும் மாதிரி மெதுவாக மேலே ஏறி வருகிறது. ஏறும்போது மேலிருக்கும் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். பிரஷர் குக்கரில் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் சூடாகியும் அவ்வளவாகக் கொதிக்காமல் இருக்கும். ஆவியைத் திடீரென்று விட்டால் குபுகுபுவெனக் கொதிக்கும். அதே கணக்கு. யாரும் கூடுதலாகத் தீ மூட்டவில்லை, அழுத்தம் விட்டது, அவ்வளவே. உருகியது மேலிருக்கும் தட்டைத் துளைத்து வெளியே வந்தால் எரிமலை.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஊசிக்கு மேலே இருந்த துணி இந்தியா. மகாராஷ்டிரத்தில் அஜந்தா, எல்லோரா குகைகளைக் குடைந்த கறுப்புப் பாறை முழுக்க அப்போது வழிந்த லாவா. பிறகு இந்தியா வடக்கே நகர்ந்தது. ஊசி அங்கேயே இருந்தது. அடுத்தடுத்த தையல்கள்தான் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் வரை தெற்கே நேர்கோடாகக் கடலுக்கடியில் கிடக்கும் மலைத்தொடர்.

"மாலத்தீவு பவளத் தீவு இல்லையா சார்?" என்றார் கடைக்காரம்மா. நியாயமான கேள்வி. வெப்பத்தை விட்டு விலகிய எரிமலைத் தீவு ஆறுகிறது. அதைத் தாங்கும் தட்டும் ஆறிக் கனத்துத் தாழ்கிறது. மழையும் அலையும் மேலே அரிக்கின்றன. தீவு கொஞ்சம் கொஞ்சமாக மூழ்க, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த பவளம் வெளிச்சத்துக்காக மேலே மேலே கட்டிக்கொண்டே வருகிறது. கடைசியில் மலை மறைந்து பவள வளையம் மட்டும் மிஞ்சும். இதை 1842-லேயே டார்வின் எழுதிவிட்டார், தட்டு நகர்வதெல்லாம் அவருக்குத் தெரியாது. மாலத்தீவில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது சுமார் 2 கிலோமீட்டர் சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது.

வயதைக் கணக்கிட்டது 1987-ல். 'ஜாய்டெஸ் ரெசல்யூஷன்' என்ற துளையிடும் கப்பல் மொரீஷியஸின் போர்ட் லூயியிலிருந்து கொழும்புவரை வந்து, வழியில் கடலடிப் பாறையை எடுத்தது. மாலத்தீவுப் பக்கம், பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி வடக்கே கிடைத்த எரிமலைப் பாறைக்கு வயது சுமார் 5.7 கோடி ஆண்டு. சாகோஸ் பக்கம், 4 டிகிரி தெற்கே கிடைத்ததற்கு 4.9 கோடி ஆண்டு. தெற்கே போகப் போக இளசு. ஊசி இருக்கும் பக்கம் அது என்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும். இடையில் 9 டிகிரி, அதாவது ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். காலம் 80 லட்சம் ஆண்டு. தையல் கடையின் பில் புத்தகத்திலேயே வகுத்துக் காட்டினேன்: ஆண்டுக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இமயமலையில் முட்டுவதற்கு முன் இந்தியா ஓடிய வேகம் அது. இன்று சுமார் 5 சென்டிமீட்டர்தான்.

இந்த வயதுகளை ரொம்ப இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கோடி ஆண்டுகள் கடல்நீரில் ஊறிய கல் தன் பொட்டாசியத்தையும் ஆர்கானையும் மாற்றிக்கொள்ளும், வயது தவறாக வரும். அதனால்தான் ஒரு கல்லை நம்பாமல், கோடு முழுக்க வயது வரிசையாக வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

"அப்படியானால் எங்கள் தீவு இந்தியாவின் துணியில்தானே இருக்க வேண்டும்? எங்களை ஆப்பிரிக்கத் தட்டு என்கிறார்களே?" என்று அந்தப் பெண் கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தக் கேள்வியை என் வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

கடைக்காரம்மா இரண்டு துண்டுத் துணிகளை ஓரத்தோடு ஓரம் வைத்து மெஷினில் ஓட்டினார். ஊசி முதல் துணியில் குத்திக்கொண்டே வந்து, ஓரத்தைத் தாண்டி அடுத்த துணியில் விழுந்தது. கடலுக்கடியில் இந்தியத் தட்டுக்கும் ஆப்பிரிக்கப் பக்கத் தட்டுக்கும் நடுவே ஒரு பிளவு இருக்கிறது, அங்கே புதுக் கடல்தரை உண்டாகி இரண்டும் விலகுகின்றன. சாகோஸுக்குப் பிறகு அந்தப் பிளவே வெப்பப் புள்ளியைக் கடந்தது. அதற்குமேல் தையல் விழுந்ததெல்லாம் ஆப்பிரிக்கப் பக்கத் துணியில். இந்தத் துணி ரொம்ப மெதுவாக நகர்கிறது. மொரீஷியஸுக்கு வடக்கே நாசரேத் திட்டில் அதே கப்பல் எடுத்த பாறைக்கு வயது 3.3 கோடி ஆண்டு. அங்கிருந்து ரீயூனியனுக்கும் ஏறத்தாழ அதே 1000 கிலோமீட்டர். ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர்தான் வருகிறது. நடுவில் மொரீஷியஸ், 80, 90 லட்சம் வயதுக்காரர், ஓய்ந்துவிட்டார். கடைசியில் ரீயூனியன். கடலுக்கு மேலே தலைகாட்டி 20 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதன் உயரமான சிகரம் 3,070 மீட்டர், அதுவும் தூங்கிவிட்டது. எரிவது தென்கிழக்கு மூலை மட்டும்.

ஊசி அசையவே அசையாது என்று நான் சொன்னதையும் அங்கேயே திருத்திக்கொண்டேன். தக்காணத்துப் பாறைகளில் உறைந்திருக்கும் காந்தத் திசையை அளந்தால், அவை உருவான இடம் இன்றைய ரீயூனியனைவிடச் சில டிகிரி தெற்கே வருகிறது. தட்டுகளோடு ஒப்பிட்டால் நகர்வு குறைவு, அவ்வளவுதான் உறுதியாகச் சொல்லலாம்.

அம்மா கேட்ட கேள்விக்கு இது பதிலா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். நெருப்பு வந்து உட்காரவில்லை, தீவு அதன் மேலே உண்டாகி நிற்கிறது, அந்த நெருப்பு இல்லாவிட்டால் வீடு கட்ட நிலமே இருந்திருக்காது என்றேன். "அம்மாவுக்கு அது பிடித்திருக்காது," என்று சிரித்தார்.

பில் புத்தகத்தை வாங்கி அவரே ஒரு கணக்குப் போட்டார். 1862-லிருந்து 160 வருஷம் சொச்சம், ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர். எட்டு மீட்டர். முப்பாட்டனாரின் அப்பா கப்பலேறியபோது இருந்ததைவிட இந்தியா எட்டு மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. "இந்த ரோட்டு அகலம்கூட இல்லையே," என்றான் என் மாணவன்.

மறுநாள் காலையில் அவரைக் காரைக்காலுக்கு அழைத்துப் போனான். அங்கே பழைய பதிவேடு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். கறுப்புக் கல்லைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார், மறந்தாரா, வைத்தாரா தெரியவில்லை. தாள் பறக்காமல் இருக்க அதைத்தான் பில் புத்தகத்தின் மேல் வைத்திருக்கிறார்கள்.